எந்த வரி எந்த மொழியில்?

வெள்ளவத்தைக் காலி வீதியிலே ஒரு புடவைக் கடையின் பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்ப்பவர் அதில் மூன்று மொழிகளைக் காண்பர். சிங்களத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. இதைப்பற்றிக் கடைக்காரர் நெடுநேரம் யோசிக்க வேண்டியதில்லை. பலகையில் எழுத வேண்டியது கடையின் பெயர் ஒன்றே. அதனை மூன்று முறை எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

ஆனால் இந்நாளில் கடைக்கு இன்னொரு பலகையும் உண்டு. அது கைத்தொலைபேசியின் கண்ணாடியிலே தோன்றுகின்ற பலகை. முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் நாள்தோறும் புதிதாக எழுதப்படுவது. கொட்டாஞ்சேனையிலிருந்தும் வாசிக்கப்படுவது, ரொறன்ரோவிலிருந்தும் வாசிக்கப்படுவது. இதில் பெயர் மட்டும் எழுதினாற் போதாது. பொருள் இன்னது, விலை இவ்வளவு, இன்ன நாளுக்குள் சொல்ல வேண்டும், இவ்வாறு பணம் அனுப்ப வேண்டும் என்றெல்லாம் எழுத வேண்டும். இங்கேதான் தமிழ் எவ்வளவு, ஆங்கிலம் எவ்வளவு என்னும் கேள்வி எழுகின்றது.

இக்கேள்வியை நம்மிடம் கொண்டுவந்தவர் நம்முடைய பழைய மாணவர் ஒருவர். வெள்ளவத்தையிலே மனைவியோடு சேர்ந்து கலியாணப் புடவைக் கடை நடத்துகின்றார். “சேர், உள்ளூர்ச் சனத்துக்குத் தமிழிலும் வெளிநாட்டுச் சனத்துக்கு இங்கிலீசிலும் எழுதினால் சரிதானே? பாதிக்குப் பாதி போடட்டோ?” என்று கேட்டார். பலரும் கொண்டிருக்கும் எண்ணம் இதுவே. கடல் ஒரு கோடு. கோட்டுக்கு இப்பால் தமிழ், அப்பால் ஆங்கிலம் என்று கணக்குப் போடுகின்றனர். வாடிக்கையாளர் எவரெவர், அவர்கள் எங்கே எழுத்துக் கற்றவர்கள் என்று சற்றே எண்ணிப் பார்த்தால் இக்கணக்குத் தவறென்பது விளங்கும்.

1983 ஆடிக் கலவரத்தின் பின் இந்நாட்டை விட்டுச் சென்றவர்களுள் பெரும்பாலோர் தமிழ்மொழி மூலம் கல்வி கற்றவர்கள். அன்று இருபது வயதினராய்ச் சென்ற பெண் இன்று அறுபதைக் கடந்து, இலண்டனிலோ ஒஸ்லோவிலோ பேரப்பிள்ளைகளோடு இருக்கின்றார். அவர் நாற்பது ஆண்டுகள் அங்கு வாழ்ந்தாலும், ஆறுதலாக இருந்து வாசிப்பது தமிழைத்தான். மாறாக, இவ்வெள்ளவத்தையிலேயே பிறந்து, சர்வதேசப் பாடசாலையில் ஆங்கில மொழிமூலம் படித்த இளைஞர் எத்தனையோ பேர் இருக்கின்றனர். வீட்டிலே வாய் நிறையத் தமிழ் பேசுவர்; பேருந்தின் பெயர்ப்பலகையை மட்டும் ஆங்கில வரியைத் தேடி வாசிப்பர். அரசாங்கப் பாடசாலைகளிலும் 2001ஆம் ஆண்டளவில் ஆங்கில மொழிமூலம் படிப்படியாக மீண்டும் புகுந்துவிட்டது. ஆகவே ஒருவர் எந்த எழுத்தை வாசிப்பார் என்பதை அவருடைய வயதும் பள்ளிக்கூடமும் தீர்மானிக்கின்றனவேயன்றிக் கடல் தீர்மானிப்பதில்லை.

இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. பாரிஸிலே பிறந்த பிள்ளை வாசிப்பது பிரெஞ்சு. சூரிச்சிலே பிறந்த பிள்ளை வாசிப்பது ஜெர்மன். ஆங்கிலம் அவர்களுக்கும் பள்ளியிற் கற்ற அந்நிய மொழியே. ‘வெளிநாட்டவர்க்கு ஆங்கிலம்’ என்று அலங்காரச் சொற்களை அடுக்கி எழுதினால், தமிழெழுத்துத் தெரியாத அப்பிள்ளைக்கு அவ்வாங்கிலமும் பாதிதான் விளங்கும்.

இனி, ஒரு கலியாணக் கூறைச்சேலை எவ்வாறு வாங்கப்படுகின்றதென்பதைப் பார்ப்போம். நம் யாழ்ப்பாண வழக்கிலே கூறையை மணமகன் வீட்டார் கொடுப்பர். தாலி கட்டுமுன் மணமகள் அதனை உடுத்து வருவாள். ஆகவே நிறமும் கரையும் பார்ப்பவர் மாமியாராக வருபவர். உடுக்கப்போகின்றவள் மணமகள். பணம் செலுத்துபவர் மாப்பிள்ளையோ அவருடைய அக்காவோ. ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் சூரிச்சில், ஒருவர் கொட்டாஞ்சேனையில். கடைக்காரரின் பதிவை ஒருவர் கண்டு, குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புகின்றார். அங்கே தமிழ் மட்டும் வாசிப்பவரும், தமிழைக் கேட்டு விளங்குவாரேயன்றி வாசிக்கத் தெரியாதவரும் ஒருங்கே இருந்து அதே பதிவைப் பார்க்கின்றனர். அவர்களைப் பிரித்து ஆளுக்கொரு பதிவு அனுப்ப வழியில்லை. ஒரே பதிவு அக்குடும்பம் முழுவதற்கும் பயன்பட வேண்டும்.

மாணவரும் அவர் மனைவியும் முன்னர் எழுதிவந்த பதிவுகளைக் காட்டினார்கள். அவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில் தலைப்பிலே ‘வணக்கம்’ என்று ஒரு சொல். அதற்குக் கீழே முழுவதும் ஆங்கிலம். இங்கே தமிழ் வாசலிற் கட்டிய தோரணம்போல நிற்கின்றது. வீட்டுக்குள் அதற்கு வேலையில்லை. இரண்டாம் வகையில் ஒரு நீண்ட தமிழ்ப் பந்தி. அதற்குக் கீழே அதே செய்தி மீண்டும் ஆங்கிலத்தில். இது நியாயமானதாகவே தோன்றும். ஆயினும், முகநூல் ஒரு பதிவின் முதற் சில வரிகளை மாத்திரம் காட்டி, மிகுதியை மறைத்துவைக்கும், தட்டினால்தான் விரியும். தமிழ் வாசிக்கத் தெரியாத மணமகள் அம்முதல் வரிகளைக் கண்டவுடனே, தனக்கு இதில் ஒன்றுமில்லை என்று விரலால் தள்ளிவிடுவாள். கீழே அவளுக்காக எழுதிய ஆங்கிலம் அவள் கண்ணிற் படுவதேயில்லை.

“பதிவு சரியாயிருக்கிறதா என்று எப்படி அறிவது?” என்று மாணவர் வினவினார். வருகின்ற கேள்விகளே சாட்சி என்றோம். பதிவிலே விலை எழுதியிருக்கும்போது ஒருவர் ‘விலை என்ன?’ என்று கேட்டால், அவ்வரி அவருக்கு எட்டவில்லை என்பது பொருள். ஆகையால் ஒரு மாதம் வந்த கேள்விகளை ஒரு கொப்பியிலே எழுதிவைக்கும்படி சொன்னோம். என்ன கேட்டார், எந்த மொழியிற் கேட்டார், அதற்கு விடை பதிவிலே முன்னரே இருந்ததா என மூன்று நிரல்கள் போதும். மாத முடிவில் அக்கொப்பி சொன்ன செய்தி தெளிவாக இருந்தது. விலையையும் கடைசி நாளையும் மீண்டும் மீண்டும் கேட்டவர்கள் ஆங்கிலத்திலும், ஆங்கில எழுத்திலே எழுதிய தமிழிலும் கேட்டிருந்தார்கள். கரை, முந்தானை, பட்டின் வகை ஆகியவற்றைக் கேட்டவர்கள் பெரும்பாலும் தமிழிலே, அதுவும் எழுதாமற் குரற்செய்தியாகக் கேட்டிருந்தார்கள்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கின்றது. மொழியைப் பதிவுக்குப் பதிவு தீர்மானிப்பதை விட்டு, வரிக்கு வரி தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் எடுத்து, ‘இவ்வரியைக் கண்டு ஏதேனும் செய்ய வேண்டியவர் யார்?’ என்று கேட்க வேண்டும். பொருளின் பெயரை எல்லாரும் அறிய வேண்டும். எனவே அது இரண்டு எழுத்திலும் வரும். விலை, நாள், பணம் செலுத்தும் வழி ஆகியவற்றிற் செயற்படுபவர் பெரும்பாலும் இளையவர். அவை இலக்கங்களோடு கூடிய எளிய ஆங்கிலத்தில் வரும். பட்டின் தன்மை, கரையின் வேலைப்பாடு, எந்தச் சடங்குக்கு எது பொருந்தும் என்பவற்றை நிறுத்துப் பார்ப்பவர் பெரியவர். அவை தமிழில் வரும். இப்படிச் செய்தால் எதையும் இருமுறை எழுத வேண்டியதில்லை. பதிவு பாதியாகக் குறையும். தமிழும் தோரணமாகாமல், தனக்குரிய வேலையைச் செய்யும்.

பெயரைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழாசிரியராகிய நமக்கு இதிலே தனி அக்கறை உண்டு. கூறை என்பது வல்லின றகரம் பெற்ற சொல். புடவை என்று பொருள்படும். இதனை இடையின ரகரமிட்டுக் ‘கூரை’ என்று எழுதினால் அது வீட்டின் முகடாகிவிடும். கடைகள் பலவற்றின் பதிவுகளிலே கலியாணத்துக்குக் கூரை விற்கப்படுவதை நாம் கண்டிருக்கின்றோம். தமிழ் தெரிந்தவர் சிரித்துவிட்டுப் பொருளை உணர்ந்துகொள்வர். தமிழெழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளை இயந்திர மொழிபெயர்ப்பை நாடினால், அது கூரையைக் கூரையென்றே பெயர்த்துக் கொடுக்கும்.

ஆங்கில எழுத்தில் எழுதும்போது இன்னொரு இடர் வருகின்றது. அங்கே ரகர றகர வேறுபாடு இல்லை. ஆகவே அக்குழப்பம் நீங்கிவிடும். ஆனால் குறிலும் நெடிலும் மயங்கும். மாணவரின் கடையிலே kurai என்று எழுதிவந்தனர். அதனைக் குறிலாகப் படித்தால் ‘குறை’ ஆகும். குறையுள்ள சேலையை விலைகொடுத்து யார் வாங்குவார்? koorai என்று எழுதினால் நெடில் தெளிவாகத் தெரியும். ஆனால் வாடிக்கையாளர் தேடும்போது இரண்டு விதமாகவும் தட்டச்சுச் செய்கின்றனர். ஆகவே பதிவின் முதல் வரியிலே ‘கூறைச்சேலை koorai saree’ என்று ஒரே எழுத்துக்கூட்டலை உறுதியாக வைத்து, மற்ற வடிவத்தைப் பதிவின் அடியிலே தேடற்சொல்லாக மாத்திரம் சேர்ப்பது நன்று. இன்று ஒருவிதம், நாளை ஒருவிதம் எழுதினால், சென்ற மாதப் பதிவைத் தேடி வருபவருக்கு அது அகப்படாமற் போகும்.

உள்ளூரிலும் பெயர் ஒன்றல்ல என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். கொட்டாஞ்சேனையிலும் ஜம்பட்டா வீதியிலும் வாழ்கின்ற தமிழர் எல்லாரும் யாழ்ப்பாணத்தார் அல்லர். இந்திய வழியினரான குடும்பங்கள் பல அங்கு உள்ளன. அவர்களிடையே ‘முகூர்த்தப் பட்டு’ என்ற பெயரே பழக்கமாயிருக்கக்கூடும். ஆகவே தமிழ் வரியிலே கூறை என்றும் முகூர்த்தப் பட்டு என்றும் இரு பெயரையும் ஒருமுறை சொல்லிவிடுவது நலம். ‘உள்ளூர்த் தமிழ்’ என்று ஒன்றை எடுத்துக்கொண்டு அதனை ஆங்கிலத்தோடு எவ்வளவு கலப்பது என்று யோசிப்பவர், அந்தத் தமிழுக்குள்ளேயே கலப்பு உண்டென்பதை மறந்துவிடுகின்றார்.

அடுத்து இலக்கங்கள். இலக்கம் எல்லா மொழிக்கும் பொதுவென்று நாம் நம்பியிருக்கின்றோம். ஆனால் இலக்கத்தோடு ஒட்டியிருக்கும் சிறு சொல் இல்லாவிட்டால், மொழியைவிட அதிகமாக இலக்கமே ஏமாற்றும். 03/08 என்று எழுதினால் கொழும்பிலும் இலண்டனிலும் அது ஓகஸ்ட் 3. அமெரிக்காவில் வாசிப்பவருக்கு மார்ச் 8. மாதத்தின் பெயரைச் சொல்லாக எழுதிவிட்டால் இத்தொல்லை இல்லை. விலைக்கு முன் Rs. என்று எழுதினால், சென்னைக் கடைகளின் பதிவுகளையும் பார்த்துவரும் ஒருவர் அதனை இந்திய ரூபாயென்று எண்ணலாம். இந்திய ரூபாய் ஒன்று இந்நாளில் இலங்கை ரூபா மூன்றுக்கும் மேலாக இருப்பதால், நம்முடைய 60,000 ரூபாச் சேலை அவருக்கு மும்மடங்குக்கு மேல் விலையுள்ளதாகத் தோன்றும், கேளாமலே போய்விடுவார். LKR என்ற மூன்றெழுத்து அவரை நிறுத்திவைக்கும். நேரலையிலே சேலை காட்டுவதற்கு ‘இரவு 8 மணி’ என்று அறிவித்தால், யாருடைய இரவு என்று சொல்ல வேண்டும். கோடைகாலத்திலே நம்முடைய இரவு 8 மணி இலண்டனிற் பிற்பகல் 3.30, ரொறன்ரோவிற் காலை 10.30. மாரியில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிக்கொள்வதால் இவை ஒரு மணி நேரம் முன்னே வரும்.

இவற்றுள் அளவு பற்றிய தவறே உண்மையான துன்பத்தைக் கொடுத்தது. சூரிச்சிலுள்ள மணமகள் ஒருத்தி, சட்டை தைப்பதற்குத் தன் பழைய சட்டையொன்றை ஊருக்கு வந்த உறவினரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். உடலளவு அதுவே, கை மட்டும் மாற வேண்டும். கடையின் பதிவிலே ‘அளவுகளை அனுப்பிவைக்கவும்’ என்று தமிழில் ஒரு வரி மாத்திரம் இருந்தது. தாயார் அதனை வாசித்துச் சொல்ல, மகள் ‘கை 15’ என்று எழுதியனுப்பினாள். அவள் வளர்ந்த நாட்டிலே அளவென்றால் சென்ரிமீற்றர். கொட்டாஞ்சேனையிலே தைப்பவருக்கோ அளவென்றால் அங்குலம். 15 சென்ரிமீற்றர் ஏறக்குறைய 6 அங்குலம். அது குட்டைக் கை. 15 அங்குலமோ முழங்கையைத் தாண்டி இறங்கும். இரண்டும் சட்டைக்கு இயல்பான நீளங்களே ஆகையால் தைப்பவருக்கு ஐயம் தோன்ற இடமில்லை. சட்டை சூரிச்சைச் சென்றடைந்தபோது கலியாணத்துக்குச் சில நாள்களே இருந்தன. நல்லகாலமாகத் தவறு நீளத்தின் பக்கம் விழுந்திருந்தது. அங்கேயே வெட்டி மடித்துத் தைத்துக்கொண்டார்கள். குட்டையின் பக்கம் விழுந்திருந்தால் ஒட்டுப்போட்டுத்தான் கூட்டியிருக்க வேண்டும்.

இப்போது அப்பதிவிலே அளவு வரி மாறியிருக்கின்றது. செயற்படுபவள் மகள், ஆகையால் வரி ஆங்கிலத்தில் இருக்கின்றது. அங்குலத்தில் அனுப்பவும் என்று அலகு சொல்லப்பட்டிருக்கின்றது. கையின் நீளத்தைத் தோளிலிருந்து அளக்க வேண்டுமென்பதைக் காட்ட ஒரு படமும் உண்டு. அதே அளவைக் கடைக்காரர் இரண்டு அலகிலும் எழுதித் திருப்பியனுப்பி, ‘சரி’ என்று பதில் வந்தபின்னரே துணியை வெட்டக் கொடுக்கின்றார். விதி வரிக்கு வரி என்று சொன்னதன் பயன் இங்கேதான் புலனாகின்றது. தமிழில் இருந்ததனால் அவ்வரி பிழைத்ததென்று நாம் சொல்ல மாட்டோம். அதனைச் செய்து முடிக்க வேண்டியவள் வாசிக்கும் எழுத்திலே அது இல்லை, அலகும் இல்லை. இரண்டு குறைகளும் சேர்ந்தே தவறை விளைத்தன.

முகநூலை விட்டுக் குறுஞ்செய்திக்கு வந்தால் கலப்பின் கணக்கு வேறாகிவிடும். உள்ளூரிலே வயது சென்ற வாடிக்கையாளர் பலர் இன்னும் சாதாரணக் கைத்தொலைபேசியே வைத்திருக்கின்றனர். அவர்களுக்குக் கடை குறுஞ்செய்திதான் அனுப்புகின்றது. ஆங்கில எழுத்தில் மட்டும் எழுதினால் ஒரு குறுஞ்செய்தியில் 160 இடங்கள் கிடைக்கும். அதிலே ஒரேயொரு தமிழெழுத்துப் புகுந்தாலும் செய்தி முழுவதும் வேறு முறைக்கு மாறி, 70 இடங்களே கிடைக்கும். அதனையும் மீறினால், தொடுத்து அனுப்புவதற்காகத் துண்டு ஒன்றுக்கு 67 இடங்களாகக் குறையும். மேலும் தமிழிலே மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி இடம் பிடிப்பவை. ‘கொழும்பு’ என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. கணக்குக்கு எட்டு இடம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 150 இடமுள்ள ஆங்கிலச் செய்தி ஒன்று. ஒரு குறுஞ்செய்திக்குள் அடங்குகின்றது. மரியாதைக்காக அதன் தலையிலே ‘வணக்கம்’ சேர்க்கின்றோம். அச்சொல்லுக்கு ஏழு இடம், பின்னர் ஒரு வெளி, மொத்தம் 158. ஆங்கிலக் கணக்கிலே இது இன்னும் ஒரு செய்திதான். ஆனால் தமிழெழுத்துப் புகுந்துவிட்டபடியால் 67, 67, 24 என மூன்று துண்டாகின்றது. மூன்று செய்திக்குரிய கட்டணம் வரும். ஒரு வணக்கத்துக்கு இரண்டு செய்திக் காசு! எனவே குறுஞ்செய்தியிற் கலக்கக்கூடாது. தமிழ் வாசிக்கும் முதியவருக்குச் சுருக்கமான முழுத் தமிழ். மற்றவருக்கு முழு ஆங்கிலம். ‘கூறை வந்துவிட்டது. நாளை வரலாம்.’ என்பது 70 இடத்துக்குள் நன்றாகவே அடங்கும்.

அச்சகத்திலிருந்து வரும் தமிழுக்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கொழும்பிலே துண்டுப்பிரசுரம் அமைப்போர் பலர் நெடுங்காலம் ‘பாமினி’ என்னும் எழுத்துருவைப் பயன்படுத்தி வந்திருக்கின்றனர். அதிலே உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். அவ்வாசகத்தை அப்படியே எடுத்துப் பதிவில் ஒட்டினால் போர்வை கழன்றுவிடும். ‘தமிழ்’ என்பது jkpo; என்றும், ‘வணக்கம்’ என்பது tzf;fk; என்றும் நிற்கும். இப்படிப்பட்ட எழுத்துகளைக் கண்டால் செய்தியை யுனிகோட் முறைக்கு மாற்றிய பின்னரே வெளியிட வேண்டும். சிலர் இத்தொல்லைக்கு அஞ்சி, பிரசுரத்தைப் படமாகவே போட்டுவிடுகின்றனர். படத்திலுள்ள தமிழைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. எடுத்து இன்னொருவருக்கு எழுதியனுப்பவும் இயலாது. சிறு கண்ணாடியிலே முதியவர் கண்ணுக்குத் தெரிவதும் அருமை. படம் சேலையைக் காட்டட்டும். சொல்லை எழுத்தாகவே எழுதுவோம்.

இவ்விதிக்கு விலக்கு இல்லையா எனின், ஒன்று உண்டு. திருப்பிக் கொடுக்கலாமா, முற்பணம் மீளுமா, வழியிற் சேதமானால் யார் பொறுப்பு என்னும் நிபந்தனைகளை வரிக்கு வரி பங்கிட்டு எழுதலாகாது. அவை இரண்டு மொழியிலும் முழுமையாக, ஒன்றுக்கொன்று மாறுபடாமல் இருக்க வேண்டும். தமிழ் வாசித்த மாமியார் ஒன்றும், ஆங்கிலம் வாசித்த மருமகள் வேறொன்றும் விளங்கிக்கொண்டால், வழக்குக் கடைக்காரரோடு மட்டும் நில்லாது, குடும்பத்துக்குள்ளும் புகும். ஆகவே நிபந்தனைகளைத் தனியாக ஒரு பதிவில் எழுதி நிலையாக வைத்து, மற்றப் பதிவுகளில் அதனைச் சுட்டினாற் போதும். கேள்விக்கு விடை எழுதும்போதோ கேட்டவரின் வழியே செல்வது முறை. அவர் தமிழிற் கேட்டால் தமிழ். ஆங்கிலத்திற் கேட்டால் ஆங்கிலம். ஆங்கில எழுத்திலே தமிழைக் கேட்டவருக்கு அவ்விதமே எழுதினால்தான் விளங்கும். தமிழாசிரியர் என்ற முறையில் அது நம் கண்ணை உறுத்துகின்றது. ஆயினும் அவர் பேச விரும்புவது தமிழ் என்பதற்கு அதுவே அடையாளம்; அதனைத் திருத்தி அவரை வெட்கப்படுத்துவது வியாபாரத்துக்கும் ஆகாது, தமிழுக்கும் ஆகாது.

மாணவரின் கடையிலே இப்போது ஒரு பதிவு இவ்வாறு அமைகின்றது. முதல் வரியிலே பொருளின் பெயர் இரண்டு எழுத்திலும். அடுத்த வரியிலே LKR என்ற குறியோடு விலையும், மாதப் பெயரோடு கடைசி நாளும் ஆங்கிலத்தில். இவ்விரு வரியும் தட்டாமலே கண்ணுக்குத் தெரியும். பின்னர் மூன்று நான்கு தமிழ் வரிகள். பட்டு எத்தகையது, கரை எவ்வளவு அகலம், முந்தானையில் என்ன வேலைப்பாடு, எந்தச் சடங்குக்கு உகந்தது என்பவை. இறுதியில் அளவும் பணமும் அனுப்பும் முறை எளிய ஆங்கிலத்தில். வெளியிடுமுன் மாணவரின் மனைவி அதனை இருவருக்குக் காட்டுகின்றார். ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருக்கும் அவருடைய மாமி, ஆங்கிலம் வாசியாதவர். மற்றவர் தமிழெழுத்துத் தெரியாத மருமகள் முறையான ஒரு பெண். “இதை வாசிச்சால் நீங்கள் என்ன செய்வியள்?” என்பதே இருவரிடமும் கேட்கும் கேள்வி. மாமி கரையைப்பற்றிப் பேசத் தொடங்கினால், பெண் கடைசி நாளைச் சொன்னால், பதிவு வெளியே போகும்.

அந்தப் பெண் ஒருநாள் தமிழ் வரிகளைக் காட்டி, “மாமி, இதில என்ன எழுதியிருக்கு? முந்தானை எண்டால் எது?” என்று கேட்டாளாம். மாமி படத்தைப் பெரிதாக்கிக் காட்டி விளக்கினாராம். எல்லாவற்றையும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தால் அவள் அதனைக் கேட்டிருக்கமாட்டாள். விலையையும் நாளையும் தெரியாமல் ஒருவர் தவிக்கலாகாது. முந்தானை எது என்று கேட்டு அறிந்துகொள்ளச் சற்று இடம் விட்டுவைப்பதிலே குற்றமில்லை.